தாவ மறந்த பூனைக்கு மீன் எண்ணெய்

மூட்டு தேய்ந்த நாய் நொண்டும். பூனை பெரும்பாலும் நொண்டாது. நேற்றுவரை ஒரே தாவில் பீரோ மேல் ஏறியது, இன்று முதலில் நாற்காலி, பிறகு மேசை, அப்புறம்தான் பீரோ என்று படிப்படியாகப் போகும். இறங்கும்போது ஒரு கணம் தயங்கி, முன்கால்களைச் சுவரில் சரியவிட்டு இறங்கும். முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்ய வளைய முடியாமல் அங்கே மயிர் சடை பிடித்துக் கிடக்கும். மணல் தட்டின் விளிம்பைத் தாண்டக் கஷ்டப்பட்டு வெளியே போய்விடும். இதையெல்லாம் பார்த்து "வயசாயிடுச்சு, சோம்பேறியாயிடுச்சு" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் இருந்ததைக் காட்டியது. சோம்பல் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வலிதான்.

வலி என்று புரிந்தவுடன் கை நீள்வது வீட்டு மருந்து டப்பாவுக்கு. அப்பாவின் முழங்கால் மாத்திரையும், பிள்ளைகளுக்கு வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரையும், தைலமும் அதில் இருக்கும். இவற்றில் ஒன்று பூனைக்கு ஓரளவு உதவும். சில பயனற்றவை. சில உயிரை எடுப்பவை. எது எது என்பது அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால்தான் தெரியும்.

உதவக்கூடியது மீன் எண்ணெய். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளில் இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டும் வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதைக் குறைக்கின்றன. நெதர்லாந்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள 16 பூனைகளுக்குச் சில வாரங்கள் மீன் எண்ணெயும் சில வாரங்கள் மக்காச்சோள எண்ணெயும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மீன் எண்ணெய் சாப்பிட்ட வாரங்களில் பூனைகள் கூடுதலாக நடமாடின, படியேறின, விறைப்பு குறைந்திருந்தது. பூனைகள் பதினாறுதான் என்பதையும், மாற்றத்தைச் சொன்னவர்கள் வளர்ப்பவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் மூட்டுக்கென்று விற்கப்படும் சத்துப் பொருள்களில் இதற்குத்தான் ஆதாரம் மற்றவற்றைவிட வலுவாக இருக்கிறது.

ஆளி விதை எண்ணெயிலும் ஒமேகா-3 இருக்கிறதே, சைவ வீட்டுக்கு அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. அதை இபிஏ-வாக மாற்றும் நொதி பூனையின் உடலில் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. பூனைக்கு அது வெறும் கொழுப்பு மட்டுமே.

இப்போது அளவு. நம் பூனைக்கு 12 வயது, 4 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் கடையில் வாங்கிய அட்டையின் முன்பக்கம் "மீன் எண்ணெய் 1000 மி.கி." என்று பெரிதாக இருக்கிறது. அது மருந்தின் அளவல்ல, எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கம் திருப்பினால் சாதாரண மாத்திரையில் இபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. என்று இருக்கும். இரண்டும் சேர்ந்து 300. அதை 4-ஆல் வகுத்தால் பூனையின் ஒரு கிலோ எடைக்கு 75 மி.கி. கால்நடை மருத்துவர்கள் மூட்டு வலிக்குப் பரிந்துரைக்கும் அளவு பெரும்பாலும் இதை ஒட்டியே வரும். அப்படியானால் இந்தப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையே முழு அளவு. "செறிவூட்டிய" ரகம் என்றால் அதே 1000 மி.கி. மாத்திரையில் இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம். அப்போது பாதிகூட அதிகமாகிவிடும். எண்ணிக்கையை நம்பாதீர்கள், இபிஏ-டிஹெச்ஏ கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

முதல் நாளே முழு மாத்திரை கூடாது. மாத்திரையை ஊசியால் குத்தி, எண்ணெயை ஒரு சிறு கிண்ணத்தில் பிழிந்து, ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சில் கால் மி.லி. எடுத்து ஈர உணவில் கலந்து வையுங்கள். அது ஏறக்குறைய கால் மாத்திரை. ஒரு வாரம் மலம் இளகாமல், வாந்தி இல்லாமல் இருந்தால் அரை, அப்படியே மெல்ல ஏற்றலாம். வயிற்றுப்போக்கு வந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். பூனை சாப்பிட மறுக்கிறதே என்று வாயைப் பிளந்து எண்ணெயை ஊற்றுவது ஆபத்து. மூச்சுக்குழலில் இறங்கிய எண்ணெய் நுரையீரலில் தங்கிவிடும், இருமி வெளியேற்ற முடியாது. குத்தும்போது மாத்திரையை முகர்ந்தும் பாருங்கள். மீன் வாடை இருக்கலாம், ஆனால் கெட்டுப்போன எண்ணெய்க்குரிய காரல் வாடை வந்தால் அட்டையையே தூக்கி எறியுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்த ரகங்களையும் தவிர்ப்பது நல்லது. சிட்ரஸ் எண்ணெய்கள் பூனைக்கு ஆகாதவை.

பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தொடங்குவதற்கு முன்பே பூனை படியேறுவதையும் கட்டிலில் தாவுவதையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூனை வலி ஆய்வுகளில் வெறும் போலி மருந்து பெற்ற பூனைகளின் உரிமையாளர்களும் "நல்ல முன்னேற்றம்" என்று சொல்வது வழக்கமாக நடக்கிறது. பாசம் கண்ணை அப்படி மாற்றிவிடும். இரண்டு வீடியோவை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். எட்டு வாரத்தில் வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே கணைய அழற்சி வந்த பூனைக்கும், மீன் ஒவ்வாத பூனைக்கும், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த பூனைக்கும் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். மீன் எண்ணெய் இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடியது.

மாத்திரை எதற்கு, தினமும் மத்தி மீனையே போட்டால் போதாதா? கடலோர வீடுகளில் எழும் நியாயமான கேள்வி இது. வேகவைத்து, முள் எடுத்து, உப்பும் வெங்காயமும் இல்லாமல் வாரத்தில் ஓரிரு துண்டு கொடுப்பதில் தவறில்லை. மீனே முழு உணவாகிவிட்டால்தான் சிக்கல். எண்ணெய் மிகுந்த மீனைத் தொடர்ந்து தின்று, வைட்டமின் ஈ போதாமல் போனால், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பே வீங்கிக் கட்டிகட்டியாகும். தொட்டாலே பூனை அலறும், காய்ச்சல் வரும். பச்சை மீனில் வேறொரு கேடு. மத்தி, நெத்திலி போன்றவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது அழிந்துவிடும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் "மீன் எண்ணெய் மாத்திரை" என்று சொல்வதில் இரண்டு உண்டு. ஒன்று மீனின் உடலிலிருந்து எடுத்தது. மற்றது, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த காட் மீனின் ஈரல் எண்ணெய். இரண்டாவதைப் பூனைக்குத் தரக் கூடாது. அதன் ஒரு தேக்கரண்டியில் சுமார் 4,500 யூனிட் வைட்டமின் ஏ இருக்கிறது. நம் 4 கிலோ பூனையின் ஒரு நாள் தேவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சும் வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போய், மாதக்கணக்கில் கழுத்து எலும்புகளைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தினமும் ஈரலே தின்ற பூனைகளிடம் இந்த நோயைக் கால்நடை மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்துவருகிறார்கள். மூட்டு வலிக்கென்று கொடுத்தது கழுத்தைத் திருப்பவே முடியாமல் செய்துவிடும். அட்டையில் "ஈரல்" அல்லது "லிவர்" என்ற சொல் இருந்தால் வேண்டாம்.

அடுத்தது குளுக்கோசமைன், காண்ட்ராய்டின். குருத்தெலும்பு இவற்றால் ஆனது, அதனால் தின்றால் வளரும் என்ற எண்ணத்தில் விற்கப்படுகின்றன. நாய், பூனை மூட்டு நோய்க்கான உணவுகளையும் சத்துப் பொருள்களையும் பற்றிய 57 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒமேகா-3 நிறைந்த உணவுகளுக்கு வலி குறைக்கும் பலன் தெரிந்தது. குளுக்கோசமைன்-காண்ட்ராய்டினுக்குத் தெரியவில்லை. பூனைக்கென்று தயாரித்ததைக் கொடுத்தால் பெரும்பாலும் காசுதான் நட்டம். மனிதர்களுக்கான மூட்டு மாத்திரையில் அதோடு கூடவே வருபவைதான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

அவற்றில் மிகக் குறைவாக அறியப்பட்டது ஆல்ஃபா லிப்போயிக் அமிலம். கை கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தில்கோபாலமினுடன் சேர்த்து எழுதித் தரப்படும் மாத்திரைகளில் இது 100 மி.கி. அளவில் சாதாரணமாக இருக்கும். "வைட்டமின் மாத்திரைதானே" என்று தோன்றும். பூனைக்கு இது நாயைவிடப் பத்து மடங்கு நச்சு. கிலோவுக்கு 30 மி.கி. அளவிலேயே ஈரலும் நரம்பும் பாதிக்கப்பட்டதை ஆய்வு காட்டியிருக்கிறது. நம் பூனைக்கு அது 120 மி.கி., அதாவது ஒரு மாத்திரையும் இன்னொன்றில் சிறு துண்டும். இதே வரிசையில் வாரம் ஒருமுறை மனிதர்கள் விழுங்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி. அது ஒன்றே ஒன்று பூனையின் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதும்.

வலி மாத்திரைகளில் பாரசிட்டமால்தான் முதல் எதிரி. அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனமானது. தேங்கும் நச்சு சிவப்பணுக்களைத் தாக்கி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே நச்சு ஏறிய பூனைகள் உண்டு. நம் பூனைக்கு 40 மி.கி., அதாவது 500 மி.கி. மாத்திரையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. "கால் மாத்திரைதான் கொடுத்தேன்" என்பது அதில் மூன்று மடங்கு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் சிறுநீரகத்தையும் குடலையும் தாக்கும். மெலாக்சிகாம் பூனைக்கும் உள்ள மருந்துதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தொடர் சிகிச்சையில் நம் பூனைக்கு நாளொன்றுக்கு 0.2 மி.கி. அளவில்தான் மருத்துவர் எழுதுவார், அதுவும் சிறுநீரகத்தைச் சோதித்த பிறகு. மனித மாத்திரை 7.5 மி.கி.

பூசுவதும் பாதுகாப்பல்ல. பூனை தன் உடலை நக்கும், உங்கள் கையையும் நக்கும். வலி நிவாரணிக் களிம்பைத் தங்கள் உடம்பில் பூசிய வீடுகளில் பூனைகள் நோயுற்று இறந்ததால், ஃப்ளூர்பிப்ரோஃபென் களிம்பு குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரிக்கை வெளியிட்டது. அந்தப் பூனைகளின் மீது யாரும் எதையும் தடவவில்லை. நம் வீட்டுத் தைலங்களிலும் பாம்களிலும் உள்ள மெத்தில் சாலிசிலேட், கற்பூரம், நீலகிரி எண்ணெய் ஆகியவையும் பூனைக்கு ஆகாது. நீங்கள் பூசிக்கொண்டால் கையைக் கழுவி, காலை மூடி, அதற்குப் பிறகே பூனையை மடியில் எடுங்கள்.

தவறி மாத்திரை உள்ளே போய்விட்டால் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால், முகமோ பாதமோ வீங்கினால், மூச்சு வாங்கினால் அது பாரசிட்டமால் நஞ்சின் அறிகுறி. அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அதற்கு அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை தின்றது, எத்தனை மணிக்கு என்பதை வழியிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.