பேச்சிலிருந்து குறிப்புக்கு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இப்போது வகுப்புப் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒலியை எழுத்தாக்கித் தரும் செயலி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஐம்பது நிமிட வகுப்பு, நிறுத்தற்குறியே இல்லாத ஒரே பத்தியாகப் பல பக்கத்துக்குக் கைக்கு வந்துவிடும். அதை அச்செடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போடுவார்கள். பாதிக்கு மேல் மஞ்சளானதும் மூடி வைத்துவிடுவார்கள். காதால் கேட்பதற்கென்று அமைந்த வரிசை கண்ணால் படிப்பதற்கு ஒத்துவராது. ஆசிரியர் சொன்னதையே மூன்று முறை சொல்வார், இடையில் வேறெங்கோ போவார், திரும்பி வருவார். வகுப்பில் அது நல்லது. தாளில் அது சுமை.

இந்திய ரிசர்வ் வங்கி பணவீக்கத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது பற்றிய வகுப்பு ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். செயலி தந்த எழுத்து இப்படி இருக்கிறது:

"12:40 சரி இப்ப பணவீக்கம் ஏறுதுன்னு வச்சுக்கங்க ரிசர்வ் வங்கி என்ன பண்ணும் ரிப்போர்ட் ரேட்ட ஏத்தும் ஏத்துனா பேங்குக்கு கடன் வாங்குறது காஸ்ட்லி ஆகும் அப்ப பேங்க் நம்ம கிட்ட வட்டிய ஏத்தும் ஏம்ப்பா கடைசி பெஞ்சு போன உள்ள வை ம் எங்க விட்டோம் வட்டி ஏறுனா ஜனங்க கடன் வாங்குறது குறையும் செலவு குறையும் விலை அடங்கும் ஆனா உடனே நடந்துரும் பல மாசம் ஆகும்"

இதில் இரண்டு பிழை இருக்கிறது. 'ரிப்போர்ட் ரேட்' என்று எதுவும் கிடையாது, அது ரெப்போ ரேட். இது கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று லேசில் படாது. 'உடனே நடந்துரும்' என்று விழுந்திருப்பது, ஆசிரியர் வாயில் 'நடந்துராது' என்று இருந்தது. பேச்சுத் தமிழில் எதிர்மறை ஒரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வேகமாகப் பேசும்போது அந்த வால் விழுங்கப்பட்டால் செயலி நேர்மாறாக எழுதிவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: 'ஆனா' வருகிற இடத்தில் நின்று பார்ப்பது. 'ஆனா' என்றால் அடுத்து வருவது முன்னதோடு முரண்பட வேண்டும். முரண்படவில்லை என்றால், நேரக் குறியை வைத்து அந்த இடத்தை மறுபடி காதால் கேட்க வேண்டியதுதான்.

எண்களும் இப்படித்தான். 2022 மே மாதம் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 4.40க்கு ஏற்றப்பட்டதை ஆசிரியர் சொல்லும்போது 'நாலு புள்ளி நாலு' என்கிறார். எழுத்தில் புள்ளி காணாமல் போய் '44' என்று நிற்கிறது. இரண்டு வரி தள்ளி, '40 பேசிஸ் பாயின்ட் ஏத்துனாங்க' என்று வருகிறது. நூறு பேசிஸ் பாயின்ட் ஒரு சதவீதம் என்பதால் நாற்பது என்பது 0.40. நான்கோடு கூட்டினால் 4.40. வகுப்புக்குள்ளேயே சரிபார்க்க ஆள் இருக்கிறது, கூட்டிப் பார்க்கத்தான் பலருக்குப் பொறுமை இல்லை.

ஆகவே முதல் வேலை, எதையும் எழுதாமல் முழுவதையும் ஒருமுறை வாசிப்பது. இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இதே வகுப்பில் பதினெட்டாவது நிமிடத்தில், வட்டியை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவில் ஐந்து பேர் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு மாணவர் கேட்டபின், 'ஆமா, ஆறு பேர், மூணு பேர் ரிசர்வ் வங்கி, மூணு பேர் அரசு நியமிக்கிறவங்க, சரிசமமா பிரிஞ்சா ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு' என்று திருத்துகிறார். மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே எழுதிப் போகிறவர் ஐந்து பேர் என்று தலைப்பின் கீழ் எழுதி முடித்திருப்பார். பின்னால் வரும் திருத்தம் கேள்வி-பதில் பகுதியில் எங்கோ தனியாகக் கிடக்கும்.

அடுத்தது தலைப்பு. எங்கே ஒரு பகுதி முடிகிறது என்பதை 'சரி', 'அப்ப', 'இப்ப' போன்ற சொற்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பார்கள். பாதிதான் உண்மை. நம் ஆசிரியர்கள் மூச்சு விடுவதற்கும் 'சரி' சொல்வார்கள். 'சரி'க்குப் பின்னால் அதுவரை பேசாத ஒரு புதுப் பெயர் வந்தால் அது திருப்பம், இல்லையென்றால் மூச்சு. இந்த வகுப்பில் அப்படிப் பார்த்தால் ஐந்து திருப்பங்கள்தான் தேறும்.

அந்த ஐந்தும் வகுப்பு போன வரிசையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் ஆசிரியர் சட்டென்று ரொக்க இருப்பு விகிதத்துக்குப் போகிறார். வங்கிகள் தங்கள் வைப்புத் தொகையில் ஒரு பங்கை ரொக்கமாக ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும் என்பது அது. போன வகுப்பில் யாரோ கேட்ட கேள்விக்கான பதில். குறிப்பில் அதன் இடம், ரெப்போவோடு சேர்ந்து 'ரிசர்வ் வங்கியின் கையில் உள்ள கருவிகள்' என்ற தலைப்பின் கீழ். இடம் மாற்றும்போது நேரக் குறியையும் கூடவே எடுத்துப்போக வேண்டும், சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்க வேறு வழியில்லை.

தலைப்பு 'ரெப்போ பற்றி' என்று இருந்தால் எழுதாததற்குச் சமம். 'ரெப்போ ஏறினால் விலை ஏன் அடங்குகிறது?' என்று இருந்தால் கீழே உள்ளதை மூடிவிட்டு நமக்கு நாமே பதில் சொல்லிப் பார்க்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பரப்பிய குறிப்பு முறையில் இடப்பக்கத்து ஒதுக்கம் இதற்குத்தான்: அங்கே சாவிச் சொல்லோ கேள்வியோ, வலப்பக்கம் குறிப்பு, அடியில் சுருக்கம்.

முக்கியச் சொற்களில் ஆசை கூடாது. ஆசிரியர் நின்று விளக்கிய சொல் மட்டுமே பட்டியலுக்கு வர வேண்டும். 'வட்டி', 'கடன்' எல்லாம் தெரிந்ததாக வைத்துப் பேசியவை, அவற்றை விட்டுவிடலாம். நம் பகுதி கடைசியில் இப்படி நிற்கும்:

ரெப்போ ஏறினால் விலை ஏன் அடங்குகிறது? [12:40]

*ரெப்போ விகிதம்:* வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடனின் வட்டி. [சேர்த்தது: அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்து]

*பேசிஸ் பாயின்ட்:* ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு.

*சுருக்கம்:* ரெப்போ ஏறினால் வங்கிகளுக்குக் கடன் விலை கூடும், அதை அவை நம் தலையில் ஏற்றும். கடனும் செலவும் குறைவதால் விலை அடங்கும். பலன் தெரியப் பல மாதம் ஆகும்.

அடைப்புக்குறிக்குள் 'சேர்த்தது' என்று இருப்பதைக் கவனியுங்கள். ஈடு பற்றி ஆசிரியர் இந்த வகுப்பில் சொல்லவில்லை, புத்தகத்திலிருந்து வந்தது. இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் எது யார் சொன்னது என்று பிரிக்க முடியாது.

சுருக்கத்தை எழுத்துப்படியைப் பார்த்து எழுதக் கூடாது. பார்த்து எழுதினால் 'இப்பகுதி ரெப்போ விகிதத்தை விளக்குகிறது' என்றுதான் வரும். அது சுருக்கமல்ல, தலைப்பையே நீட்டிச் சொல்வது. மூடிவைத்து எழுதினால் ஏன், அதனால், ஆனால் என்ற கண்ணிகள் தாமாக வந்து விழும். விழாத இடம் நமக்குப் புரியாத இடம்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எழுத்துப்படிக்குள் வராத ஒன்று உண்டு. 'இந்தக் கோடு இப்படிப் போகுது பாருங்க, இது இங்க வெட்டுது' என்று இருபத்தேழாவது நிமிடத்தில் வருகிறது. எந்தக் கோடு, எங்கே வெட்டியது என்பது கரும்பலகையில் இருந்தது. காணொளி இருந்தால் அந்த நொடியை நிறுத்தித் திரையைப் படம் பிடித்து, குறிப்பில் அதற்குரிய தலைப்பின் கீழ் ஒட்டிவிடலாம். ஒலி மட்டும்தான் என்றால் '27:10, படம் இருந்தது' என்று எழுதி இடம் விட்டு, வகுப்புக்குப் போன நண்பரின் நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.