தலை சுற்றாமல் தெளிவாகப் பார்க்க

மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டிய சில நிமிடங்களில் குமட்டினால், பலரும் தம் உடம்பைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அமைப்பில் இருக்கிறது.

முதலில் லென்ஸ் இடைவெளி. குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள். கண்ணாடி முன் நின்று, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளவுகோலால் அளந்தால், எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். 64 வந்தால் நடு நிலை. இது தவறினால் படம் மங்கும், கண் வலிக்கும். வேறெதை மாற்றியும் பயனில்லை.

அடுத்தது வேகம். 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்தையும் கணினி 11.1 மில்லிவினாடிக்குள் வரைந்தாக வேண்டும். ஒரு விளையாட்டில் அது 9 மில்லிவினாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கூர்மைக்கு ஆசைப்பட்டு ஸ்டீம் விஆரில் ரெண்டர் அளவை 150 சதவீதமாக்கினால், புள்ளிகள் ஒன்றரை மடங்காகி, நேரம் 13-ஐத் தாண்டிவிடக்கூடும். படம் தவறுகிறது, பழைய படமே மீண்டும் வருகிறது. தலையைத் திருப்பும்போது பொருள்களின் விளிம்பு இரட்டையாகத் தெரிவதுதான் இதன் அடையாளம். குமட்டல் தொடங்குவதும் இங்கேதான்.

110 சதவீதத்துக்கு இறக்கினால் சுமார் 10 மில்லிவினாடியில் அடங்கும். 72 ஹெர்ட்ஸுக்கு மாறினால் 13.9 கிடைக்கும், ஆனால் மினுமினுப்பு சிலருக்கு உறுத்தும்.

குமட்டல் லேசாகத் தலைகாட்டினாலே ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.