மேகம் போட்ட ஃபைல் உங்கள் கணினியில் இல்லை

புது விண்டோஸ் லேப்டாப் வாங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்தவர்கள் பலருக்கும் இது நடக்கிறது. ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டர்களைத் திறந்தால் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஏதேதோ குறிகள் இருக்கும். சிலதுக்கு நீல மேகம், சிலதுக்குப் பச்சை டிக், சிலதில் அம்புகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். யாரும் கேட்டு வாங்கிய குறிகள் இல்லை. கணினியை முதல் முறை தயார் செய்யும்போது வந்த ஏதோ ஒரு திரையில் ‘சரி’ என்று தட்டியதன் பலன். அந்த ஃபோல்டர்கள் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன.

குறி இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. இந்த ஃபைல் இந்தக் கணினிக்குள் இருக்கிறதா? இங்கிருப்பதும் இணையத்தில் இருப்பதும் ஒன்றுதானா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னப் படத்தைப் போட்டதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் மேகம். வெறும் கோடாக வரைந்த நீல மேகம் இருந்தால், அந்த ஃபைல் இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அதன் பெயர், தேதி, அளவு பற்றிய குறிப்பு மட்டுமே. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டோடு இந்த வசதி பரவலாக வந்தது. 128 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் 500 ஜிபி ஃபைல்களைக் கண்ணால் பார்க்க முடிகிற மாதிரி வைப்பதுதான் இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பார்க்க முடிகிறது என்பதற்காகக் கையில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபரை எடுத்துக்கொள்வோம். ஆல்பத்தை ஒரே பிடிஎஃப்பாகச் செய்து வைத்திருக்கிறார். பெண் வீட்டாருக்குக் காட்ட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சிக்னல் சரியாக இல்லாத கிராமத்துக்குப் போகிறார். ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. முன்பு பார்த்த படங்களுக்குக் குட்டிப் படங்கள்கூடத் தெரிகின்றன. இரண்டு முறை தட்டினால் ஃபைல் மட்டும் திறக்கவில்லை. உண்மையை அங்கேயே பார்த்துவிடலாம். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ‘Properties’ போனால் இரண்டு வரிகள் இருக்கும். ‘Size’ என்பதற்கு எதிரே 84 எம்பி என்று இருக்கிறது. அதற்குக் கீழே ‘Size on disk’ என்பதற்கு எதிரே 0 bytes. முதல் வரி ஃபைலின் அளவு. இரண்டாவது வரி, உங்கள் டிஸ்க்கில் அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது. பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை என்றுதான் பொருள்.

அதே ஃபைலை வீட்டிலிருந்தபடி ஒரு முறை திறந்திருந்தால் அது முழுசாக இறங்கியிருக்கும். மேகம் போய், வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் வந்திருக்கும். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். ஆனால் இந்த டிக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. பச்சை டிக்கில் இரண்டு வகை இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. வட்டத்தின் விளிம்பு மட்டும் பச்சையாக, உள்ளே வெள்ளையாக இருப்பது ஒன்று. வட்டம் முழுக்கப் பச்சையாக, டிக் வெள்ளையாக இருப்பது இன்னொன்று. முதலாவது ‘இப்போதைக்கு இங்கே இருக்கிறது’ என்று சொல்கிறது. இரண்டாவது ‘எப்போதும் இங்கேயே இருக்கும்’ என்று சொல்கிறது.

‘இப்போதைக்கு’ என்று நான் சொல்வதற்குக் காரணம் ‘Storage Sense’ என்ற விண்டோஸ் அமைப்பு. டிஸ்க்கில் இடம் மிச்சப்படுத்துவது அதன் வேலை. 1, 14, 30, 60 நாள் என்று அதில் ஒரு வரம்பு வைக்கலாம். அத்தனை நாள் திறக்காத ஒன்டிரைவ் ஃபைல்களை உங்களிடம் கேட்காமலே அது மறுபடி மேகமாக்கிவிடும். போன மாதம் திறந்த ஃபைல் இன்று ஏன் இறங்க மறுக்கிறது என்ற புதிருக்குப் பல நேரம் இதுதான் விடை. முழுப் பச்சை வட்டம் உள்ள ஃபைலை அது தொடாது. ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ அப்படி வைக்க, ரைட் கிளிக் செய்து ‘Always keep on this device’ என்பதைத் தட்ட வேண்டும். பெரிய ஃபோல்டராக இருந்தால் இறங்கி முடிய நேரம் கொடுங்கள். தட்டிய உடனேயே லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினால் பாதிதான் இறங்கியிருக்கும்.

இதில் ஆட்கள் பெரிதாக அடிபடுவது டிஸ்க் நிரம்பும்போதுதான். மேகம் போட்ட ஃபைல்களைப் பார்த்து, ‘இதெல்லாம்தான் நெட்டில் பத்திரமாக இருக்கிறதே, இங்கே இருப்பதை அழித்துவிடலாம்’ என்று டெலிட் அடித்துவிடுகிறார்கள். இங்கே அழித்தால் இணையத்திலும் அழியும். அதே கணக்கில் உள்ள மற்ற கணினி, செல்போன் எல்லாவற்றிலிருந்தும் போய்விடும். மேகம் போட்ட ஃபைலாக இருந்தால் அது உங்கள் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குக்கூட வராது. உள்ளே இல்லாததை எப்படிக் குப்பைத் தொட்டியில் போடும்? மீட்க வேண்டுமென்றால் ஒன்டிரைவ் இணையதளத்துக்குள் போய் அங்கிருக்கும் ரீசைக்கிள் பின்னில் தேட வேண்டும். சொந்தக் கணக்கென்றால் 30 நாள் வரை அங்கே இருக்கும். அலுவலக, பள்ளிக் கணக்குகளுக்கு வழக்கமாக 93 நாள். அழிக்காமல் இடத்தை மட்டும் காலி செய்ய ரைட் கிளிக் பட்டியலில் ‘Free up space’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் பச்சை டிக் மேகமாக மாறும், ஃபைல் இணையத்தில் அப்படியே இருக்கும். மேகமாக ஏற்கெனவே இருக்கும் ஃபைலை அழிப்பதால் இடம் எதுவும் மிச்சமாகப் போவதில்லை, அது பிடித்திருப்பதே பூஜ்யம்தான்.

வட்டமடிக்கும் அம்புகளுக்கு வருவோம். ஃபைல் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது, அல்லது தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இணையத்தில் இருப்பதும் இங்கிருப்பதும் இன்னும் ஒன்றாகவில்லை. அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு எக்செல் கணக்கைச் சேமித்துவிட்டு, அம்பு சுற்றும்போதே ஒருவர் லேப்டாப்பை மூடிவிட்டார் என்று வையுங்கள். மாற்றம் இணையத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து வேறு கணினியில் அதே ஃபைலைத் திறந்தால் வருவது பழைய கணக்கு. அது பழையது என்று தெரியாமல் அதிலும் நாலு வரி சேர்த்துச் சேமிக்கிறார். மறுநாள் அலுவலக லேப்டாப் விழித்துக்கொண்டதும் இரண்டும் மோதுகின்றன. எதைத் தூக்கி எறிவது என்று ஒன்டிரைவுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரோடு கணினியின் பெயரை ஒட்டிவிடுகிறது. ஒரே பெயரில் ஒரு ஃபைல், அதன் வாலில் கணினிப் பெயரோடு இன்னொன்று என்று பார்த்தால் நடந்தது இதுதான். இரண்டையும் திறந்து வைத்துக் கையால் ஒன்றாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அம்பு மணிக்கணக்காகச் சுற்றினால் அது எப்போதும் கோளாறு என்று சொல்ல முடியாது. நம் இணைப்புகள் பலவற்றில் இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகம் குறைவு. 5 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகத்தில் 2 ஜிபி வீடியோ போய்ச் சேர ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும். திரையின் கீழ் மூலையில் உள்ள மேகக் குறியைத் தட்டினால் எந்த ஃபைல் ஓடுகிறது, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று தெரியும். எண் நகர்ந்தால் பொறுத்திருங்கள். நகரவே இல்லை என்றால் அந்த ஃபைல் ஏதோ ஒரு மென்பொருளில் திறந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் இந்த விஷயத்தில் பழைய குற்றவாளி.

சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி வந்தால் ஃபைல் ஏறவில்லை. பெரும்பாலும் இலவசமாகக் கொடுத்த 5 ஜிபி நிரம்பியிருக்கும். இல்லாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கி, முழு முகவரியும் 400 எழுத்தைத் தாண்டியிருக்கும்.

குறியே வராமல் போவதும் உண்டு. விண்டோஸில் ஐகான் மேல் ஒட்டும் குறிகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பதிவு செய்திருக்கும் குறிகளில் அகர வரிசைப்படி முதல் 15 மட்டும்தான் காட்டப்படும், அதிலும் சிலதை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் என்று இரண்டு மூன்று நிறுவியிருந்தால் இடம் பத்தாது. அதனால் நிறுவனங்கள் தங்கள் குறியின் பெயருக்கு முன்னால் வெற்று இடங்களைச் சேர்த்து வரிசையில் முந்தப் பார்க்கின்றன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். தோற்றவரின் டிக் காணாமல் போகும், ஆனால் சிங்க் வேலை பின்னால் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் இணையதளத்தில் உள்ளே போய் அந்த ஃபைலின் நேரத்தைப் பாருங்கள், அதுதான் நிச்சயம்.

ஆப்பிள் கணினியில் மேகத்துக்குள் கீழ்நோக்கிய அம்பு இருந்தால், அது இங்கே சொன்ன நீல மேகத்துக்குச் சமம். டிராப்பாக்ஸின் பச்சை டிக்கும் கிட்டத்தட்ட இதே அர்த்தம்தான். படம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை.

பச்சை டிக்கைப் பேக்கப் என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பையன் எக்செல்லில் ஐம்பது வரியை அழித்துச் சேமித்தாலும் சில வினாடியில் பச்சை டிக் வந்துவிடும். இங்கே கெட்டது அங்கேயும் கெட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டது என்றுதான் அது சொல்கிறது. ஒன்டிரைவில் ‘Version history’ போனால் பழைய பதிப்புகள் கிடைக்கும், சொந்தக் கணக்கில் கடைசி 25 வரை. அதற்கு மேல் பத்திரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்தான்.

வெளியூருக்கு லேப்டாப்போடு கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, அங்கே போய் எதைத் திறக்க வேண்டுமோ அந்த ஃபைலை வீட்டிலேயே ஒரு முறை திறந்து பாருங்கள்.