மலம் ஏன் இறுகுகிறது?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், இரவு தோசை. நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். வாரத்துக்கு இரண்டு முறைதான் மலம் கழிகிறது. அதுவும் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, முக்கினால்தான் வருகிறது. இதுதான் மலச்சிக்கல். மலம் இளகி, சிரமமின்றிக் கழிந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் போவது நோயல்ல.

செரித்து மிஞ்சிய கூழ், நீர்த்த நிலையில் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே அதிலுள்ள நீர் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இறுகும். நார்ச்சத்து நீரைப் பிடித்து வைத்து மலத்தைப் பருமனாக்கும். அந்தப் பருமன்தான் குடலைத் தூண்டி முன்னே தள்ளவைக்கிறது. இவர் உணவில் நார் குறைவு. வரும் உணர்வையும் வேலை நேரத்தில் அடக்கிவிடுகிறார். அதனால் மலம் மேலும் காய்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இவர் வறுவலுக்குப் பதில் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யாப்பழம் சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, வாயு சேரும். சில நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும். கூடவே தண்ணீரும் கூட வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலை உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் இயல்பாகவே வேகமாக அசையும். ஆகவே சாப்பிட்ட அரைமணிக்குள் கழிப்பறைக்குப் போய்ப் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காரலாம். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலடியில் சிறு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி உட்கார்ந்தால் மலம் எளிதில் இறங்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் இசப்கோல் உமி உதவும். ஒன்றிரண்டு தேக்கரண்டி உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். பேதி மாத்திரையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மருந்துகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் மலத்தை இறுக்கும். அப்போது உணவை மாற்றினால் மட்டும் போதாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். வயிறு வீங்கி, வாந்தியெடுத்து, வாயுவும் பிரியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.