வலிக்காத பக்கம்: ஒரு தாடைப் படம் காட்டியவை

வலது கீழ்க்கடைவாயில் வலி என்று 22 வயது இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்தார். ஓராண்டுக்குள் மூன்று முறை அவ்விடத்தில் ஈறு வீங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் வாயைச் சரிவரத் திறக்க இயலாமல், நான்கைந்து நாட்களைக் கஞ்சியிலேயே கழித்திருக்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் வீக்கம் வடியும். சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டும். இடப்பக்கத்தில் அவருக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. ஆயினும் அவருடைய முழுத்தாடை எக்ஸ்-ரே படத்தில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அந்த இடப்பக்கமே. அடையாளங்களை நீக்கிவிட்டு, அப்படத்தை நாங்கள் படித்த முறையை இங்கே விளக்குகிறோம்.

ஓ.பி.ஜி. என்று சீட்டில் எழுதப்படும் இந்தப் படம், காதுக்குக் காது வரை இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டுவது. நோயாளி நின்றபடி, மோவாயைத் தாங்கியில் வைத்து, சிறு கட்டை ஒன்றை முன்பற்களால் கடித்துக்கொள்கிறார். கருவி அவர் தலையை ஒருமுறை சுற்றி வருகிறது. ஏறத்தாழ 15 வினாடிகளில் வேலை முடிந்துவிடும். இதில் உடலேறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாகவே நாம் சில நாட்களில் பெறும் அளவுக்குச் சமம். கருவுற்றிருப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

குதிரை லாடம் போல் வளைந்த ஒரு பட்டைக்குள் இருப்பவை மட்டுமே இப்படத்தில் தெளிவாக விழும். அதற்கு வெளியே இருப்பவை மங்கிவிடும். தலை அசையாமல் நிற்கச் சொல்வதும், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்வதும் இதனால்தான். நாக்கு கீழே இறங்கினால் இடையிலுள்ள காற்று மேற்பற்களின் வேர்கள்மீது கரும்பட்டையாக விழுந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். நகைகள் இன்னும் வேடிக்கையானவை. இந்த இளைஞர் வெளியிலிருந்து ஏற்கெனவே ஒரு படம் எடுத்து வந்திருந்தார். அதில் இட மேல்தாடைமீது ஒரு வெண்புகை வளையம் தெரிந்தது. அது நோயன்று, வலக்காதில் அவர் கழற்ற மறந்த கடுக்கனின் நிழல்! ஒரு காதின் உலோகம் எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே, பெரிதாகவும் மங்கலாகவும் விழுவது இக்கருவியின் இயல்பு. கடுக்கன், கம்மல், மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி, கழற்றி மாட்டும் பல் செட் ஆகியவற்றை முன்னரே கழற்றிவிட்டால் இரண்டாம் முறை படம் எடுக்க நேராது.

படத்தைக் கையில் வாங்கியதும் குடும்பத்தார் முதலில் குழம்புவது திசையில்தான். நோயாளி நம் எதிரே நிற்பதாகக் கொண்டே படம் பார்க்கப்படுகிறது. ஆகவே அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்புறமாகத் தெரியும். பல்லின் மேலுறை மிக வெண்மையாகவும், எலும்பு வலைபோன்ற சாம்பல் நிறத்திலும், காற்று, நீர், சதை ஆகியவை கருமையாகவும் இருக்கும்.

முதலில் அவருக்கு வலி தந்த வலப்பக்கத்தைப் பார்த்தோம். அங்கே ஞானப்பல் நேராக நிற்காமல் முன்னோக்கிச் சாய்ந்து, தனக்கு முன்னுள்ள கடைவாய்ப்பல்லின்மேல் முட்டிக்கொண்டிருந்தது. பாதி வெளியே வந்திருந்த அதன்மேல் ஈறு ஒரு மடல்போல் மூடியிருந்தது. உணவு அம்மடலுக்கடியில் தங்கி அழுகுவதே திரும்பத் திரும்ப வீக்கம் வந்ததற்குக் காரணம். மாத்திரை கிருமியை அடக்குமேயன்றி மடலையோ சாய்வையோ மாற்றாது.

அடுத்து நாங்கள் தேடியது நரம்புக் குழாயை. கீழ்த்தாடைக்குள் இரண்டு மெல்லிய வெண்கோடுகளுக்கு இடையே ஓடும் கருநிறப் பாதை அது. அதன் வழியே செல்லும் நரம்பே கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. ஞானப்பல்லின் வேர் அதன்மேல் விழுந்திருப்பதுபோல் படத்தில் தெரிவது அரிதன்று. ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும் இரு பொருள்கள் தட்டையான படத்தில் ஒன்றாகத் தெரிவதும் இயல்பே. வெண்கோடு அறுபடாமல் ஓடினால் பெரும்பாலும் அவை தொடவில்லை என்று கொள்வோம். கோடு மறைந்தாலோ, குழாய் வளைந்து விலகினாலோ, வேர் அவ்விடத்தில் மட்டும் கருத்தாலோ எச்சரிக்கையாவோம். வலப்பக்கத்தில் கோடுகள் அறுபடவில்லை.

அதே வலப்பக்கத்தில் வேறொரு குறை இருந்தது. நலமான வாயில், பல்லின் தலைப்பகுதியும் வேரும் சேரும் கழுத்துக்குச் சற்றுக் கீழே, 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள், எலும்பின் விளிம்பு நிற்கும். இவருக்குப் பிற இடங்களிலெல்லாம் அப்படியே நின்றது. ஆனால் ஞானப்பல் முட்டிய கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில் மட்டும் எலும்பு சரிவாக உள்ளிறங்கி, ஒரு சிறு பள்ளம்போல் தெரிந்தது. எலும்புத் தேய்வை முதியோர் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். துலக்க எட்டாத மூலையில் அழுக்கு தங்கினால் 22 வயதிலும் அது நேரும். இளவயதினருக்கு முதல் கடைவாய்ப்பற்களையும் முன்பற்களையும் சுற்றி மட்டும் எலும்பு வேகமாகக் கரையும் மற்றொரு நோயும் உண்டு. அதற்கான தடயம் இருக்கிறதா என்பதையும் பார்த்து, இல்லையென்று உறுதி செய்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலும்பின் அளவை இப்படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. எலும்பிலிருந்து கணிசமான சுண்ணாம்புச் சத்து வெளியேறிய பின்னரே எக்ஸ்-ரேயில் குறை தெரியும். தொடக்க நிலைத் தேய்வு இதில் சிக்காது. எனவே அளவு குறித்த மெல்லிய கம்பியால் ஈறுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட ஆழத்தை அளந்தோம். நலமான இடத்தில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. இவருக்கு அம்மூலையில் 7 இருந்தது. எந்த மருத்துவரேனும் படத்தை மட்டும் பார்த்து, ஈறை அளக்காமல் எலும்பைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால், அளந்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி இடப்பக்கம். அங்கே கீழ் ஞானப்பல் முழுவதும் எலும்புக்குள் புதைந்திருந்தது. முளைக்காத எந்தப் பல்லின் தலைப்பகுதியையும் ஒரு மெல்லிய பை சூழ்ந்திருக்கும். படத்தில் அது 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலக் கருங்கோடாகத் தெரிவது இயல்பு. இவருக்கோ அது கோடாக இல்லை. பல்லின் கழுத்தில் தொடங்கித் தலைப்பகுதி முழுவதையும் சூழ்ந்த கரிய முட்டைவடிவம் ஒன்று, ஓரத்தில் மெல்லிய வெண்விளிம்புடன் தெரிந்தது. பல் தாடையின் அடிவிளிம்பை நோக்கித் தள்ளப்பட்டிருந்தது. நரம்புக் குழாயும் கீழ்நோக்கி வளைந்து, அதன் மேற்கோடு ஓரிடத்தில் மறைந்திருந்தது.

இது பல்லைச் சூழ்ந்து வளரும் நீர்க்கட்டியின் தோற்றம். பல்லின் தலைப்பகுதிக்கும் அதைச் சூழ்ந்த பைக்கும் இடையே நீர் சேரச் சேர, அழுத்தம் மெல்ல எலும்பைக் கரைத்து இடம் பிடிக்கிறது. வேகம் குறைவு என்பதால் வலி இராது. கிருமி புகுந்தாலோ, தாடை வெளியே புடைத்தாலோதான் நோயாளிக்குத் தெரியவரும். ஆயினும் கருமையான இடமெல்லாம் கட்டியன்று. கீழ்ச் சிறுகடைவாய்ப்பற்களின் வேர்முனையருகே நரம்பு வெளிவரும் இயற்கைத் துளை கரும்புள்ளியாகத் தெரிந்து பலரை அஞ்ச வைத்ததுண்டு. தாடை மூலைக்கருகில், நரம்புக் குழாய்க்குக் கீழே, பிறவிக் குழிபோன்ற தீங்கற்ற பள்ளம் சிலருக்கு உண்டு. மறுபுறம், கட்டிபோலவே தோன்றும் எல்லாமும் ஒன்றல்ல. கெரட்டின் நீர்க்கட்டி என்பது அகற்றிய பின்னும் திரும்ப வரக்கூடியது. அமெலோபிளாஸ்டோமா என்னும் கழலை சுற்றியுள்ள எலும்புக்குள் ஊடுருவுவது. இம்மூன்றும் ஓ.பி.ஜி. படத்தில் ஒரே முகத்துடன் நிற்க இயலும். இன்னதென்று சொல்வது திசுப் பரிசோதனை மட்டுமே.

“வலிக்கிற பக்கத்தை எடுங்கள். வலியே இல்லாத பக்கத்தை ஏன் டாக்டர் தொட வேண்டும்?” என்று தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாப் புதைந்த ஞானப்பற்களையும் அகற்ற வேண்டும் என்று நாங்கள் கருதுவதில்லை. அவருடைய மேல் ஞானப்பற்கள் இரண்டும் நேராக முளைத்து, துலக்க எட்டும் இடத்தில் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. ஆனால் இடக்கீழ்ப் பக்கத்தில் கட்டியின் அடியில் எலும்பு மெலிந்து வந்தது. காத்திருந்தால் கட்டி வளரும். வளர்ந்தால் முன்னுள்ள நல்ல பல்லின் வேரையும் தின்னும். தாடை சிறு அடிக்கே முறியவும் கூடும். படத்தைத் திரையில் காட்டி, வலது இடது இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டார்.

ஓ.பி.ஜி. படம் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கியே காட்டுவதாலும், நரம்பு வேருக்கு முன்னா பின்னா என்று அதில் தெரியாததாலும், இடப்பக்கத்துக்கு மட்டும் கூம்புக் கதிர் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். எல்லோருக்கும் இது தேவையில்லை. கதிர்வீச்சும் செலவும் கூடுதல். ஸ்கேனில் கட்டியின் நீளம் 21 மில்லிமீட்டர் என்றும், நரம்பு வேரின் நாக்குப் பக்கத்தில் அதை ஒட்டிச் செல்கிறது என்றும் தெரிந்தது. கீழுதட்டிலும் மோவாயிலும் சில காலம் மரத்துப்போகலாம், அரிதாக அது நிலைத்தும் விடலாம் என்பதை அவருக்கு அறுவைக்கு முன்னரே சொன்னோம்.

முழு மயக்கத்தில் இரு கீழ் ஞானப்பற்களும், இடப்பக்கக் கட்டி அதன் பையோடும் அகற்றப்பட்டன. திசுப் பரிசோதனை பல்லைச் சூழ்ந்த நீர்க்கட்டி என்றே உறுதி செய்தது. தாடை மெலிந்திருந்ததால் ஆறு வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, எலும்புக் கறி எதுவும் கூடாது என்றோம். பந்து விளையாட்டும் கூடாது என்றதுதான் அவருக்குக் கசந்தது. இட மோவாயில் இருந்த மரப்பு மூன்றாம் மாதத்தில் நீங்கியது.

ஆறாம் மாதப் படத்தில் அந்தக் கருங்குழியின் ஓரங்களிலிருந்து சாம்பல் நிறம் உள்நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. புதிய எலும்பு அது. வலப்பக்க மூலையின் ஆழம் 7-இலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற இவ்வாறு எலும்பு மீண்டும் நிரம்புவது குறையும். ஓராண்டில் மற்றொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். முதற்படத்தின் பிரதியையும் அவரிடமே கொடுத்து அனுப்பினோம். அடுத்து எங்கே எடுத்தாலும், பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.