டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்

டீக்கடை ஃபிரான்சைஸ் கொடுக்கும் கம்பெனியை போனில் கூப்பிட்டால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்துவிடும். பளபளப்பான கடைப் படங்கள், "மொத்த முதலீடு 12 லட்சம்", "மாத லாபம் 60 ஆயிரம்", கடைசிப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண். மறுநாளே விற்பனைப் பிரதிநிதி கூப்பிடுவார். உங்கள் ஏரியாவுக்கு இன்னொருவரும் கேட்கிறார், 50 ஆயிரம் டோக்கன் போட்டால் உங்களுக்கே ஒதுக்கிவிடலாம் என்பார். கேட்க வேண்டியதையெல்லாம் அந்த டோக்கனுக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு நீங்கள் கேட்கும் கேள்விக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. கையெழுத்து போடுவதற்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னதாக, கம்பெனி ஒரு விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். நடக்கும் கிளைகளின் முகவரிகளும், சமீபத்தில் விலகிப்போன கிளைக்காரர்களின் பட்டியலும் அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பொதுவான ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம் ஆகியவற்றுக்குள்தான் எல்லாம் ஓடுகிறது. அதனால், அங்கே கம்பெனி தானாகக் கொடுக்க வேண்டிய விவரத்தை இங்கே நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் மின்னஞ்சலில். போனில் சொன்னது பின்னாளில் உதவாது. பல ஒப்பந்தங்களில் "இதில் எழுதியிருப்பதைத் தவிர வேறெந்த வாக்குறுதியும் தரப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கும். பிரதிநிதி போனில் சொன்ன 60 ஆயிரம் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடும்.

முதலில் பணம். 12 லட்சம் என்றால் அதற்குள் என்னென்ன அடங்கும்? ஃபிரான்சைஸ் கட்டணம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 54 ஆயிரம். உணவகத் தொழிலில் வழக்கமான 5 சதவீத வரிமுறையில் இருப்பவர் இந்த 54 ஆயிரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, போனது போனதுதான். கடை வாடகை 25 ஆயிரம் என்றால், 10 மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரருக்கு இரண்டரை லட்சம். கடைக்கான மின் இணைப்பு, லைசென்ஸ்கள், முதல் சில மாதச் சம்பளத்துக்கான கையிருப்பு ஆகியவை பெரும்பாலும் அந்தப் பிடிஎஃபில் வராது. 12 லட்சம் என்பது சத்தமில்லாமல் 17, 18 லட்சம் ஆகிவிடும்.

அடுத்தது ராயல்டி. எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதன்மேல் சதவீதம் என்பதுதான் முக்கியம். அநேகமாக எல்லாக் கம்பெனிகளும் அதை விற்பனையின் மேல்தான் வாங்குகின்றன, லாபத்தின் மேல் அல்ல. ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி நீங்கலாக மாத விற்பனை 2 லட்சம். பால், டீத்தூள், பலகாரம், கப் எல்லாம் சேர்த்து 90 ஆயிரம். வாடகை 25, டீ மாஸ்டருக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் 45, கேஸும் கரண்டும் 13 ஆயிரம். ராயல்டி 6 சதவீதம், அதாவது 12 ஆயிரம். வரியோடு 14,160. எல்லாம் போக உங்கள் கையில் நிற்பது 12,840 ரூபாய். இதில் வங்கிக் கடன் தவணை இன்னும் கழியவில்லை. இதே கடையில் விற்பனை 1,60,000 ஆகக் குறைந்தால் சரக்குச் செலவு 72 ஆயிரமாக இறங்கும், மற்றவை இறங்காது. அந்த மாதம் உங்களுக்கு 6,328 ரூபாய் நஷ்டம். கம்பெனிக்கு அப்போதும் 9,600 ரூபாய் போய்ச் சேரும். எனவே, மாத விற்பனை எவ்வளவுக்குக் கீழே போனால் கடை நஷ்டப்படும் என்று கம்பெனியிடமே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லத் தெரியாத கம்பெனி இந்தத் தொழிலைக் கடை நடத்துபவரின் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை என்பேன்.

"எங்களிடம் ராயல்டியே கிடையாது" என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. அவர்களிடம் டீத்தூள், மசாலா, கப் ஆகியவற்றின் விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மொத்த வியாபாரியின் விலையோடு ஒப்பிட வேண்டும். தங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கட்டாயம் இருந்தால், ராயல்டி அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். விலையை எப்போது, எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எல்லை உண்டா என்றும் பாருங்கள்.

ஏரியா உரிமை பற்றிப் பேசும்போது "2 கிலோமீட்டருக்கு உங்கள் கடை மட்டும்" என்பார்கள். அந்த 2 கிலோமீட்டர் வரைபடத்தில் நேர்கோடா, சாலை வழியா? கம்பெனி தானே நடத்தும் கடைக்கும் இது பொருந்துமா? பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, ரயில் நிலையத்துக்கு விலக்கு இருக்கிறதா? இப்போது பெரிய ஓட்டை டெலிவரி ஆப்தான். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு கிளை, ஸ்விக்கியிலோ சொமேட்டோவிலோ உங்கள் தெருவுக்கே சமோசா அனுப்பிக்கொண்டிருக்கும். கடை திறப்பதை மட்டும் தடுக்கும் ஒப்பந்தம் அதைத் தடுக்காது. அதே முதலாளி வேறு பெயரில் நடத்தும் பிராண்டையும் தடுக்காது.

பயிற்சியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும். டீ மாஸ்டர் மூன்றாவது மாதம் விலகிப்போனால், புதியவருக்கு யார், யார் செலவில் பயிற்சி கொடுப்பார்கள்? இந்தத் தொழிலில் மாஸ்டர் மாறிக்கொண்டே இருப்பார். திறப்பு விழாவுக்கு முன் ஒரு வாரம் சொல்லித் தருவது மட்டும் போதாது. ஆதரவு என்று சொல்வதையும் இப்படியே பிரித்துக் கேளுங்கள்: பாய்லர் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், அந்தச் செலவு யாருடையது, விளம்பர நிதி என்று மாதாமாதம் வாங்குவதில் உங்கள் ஊரில் எவ்வளவு செலவாகும்?

இத்தனை கேள்விகளுக்கும் கம்பெனி தரும் பதிலை விட, கடையை மூடியவர் தரும் பதில் நம்பகமானது. கடந்த மூன்று ஆண்டுகளில் மூடிய கிளைகளின் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே தேடலாம். கூகுள் மேப்பில் அந்தப் பிராண்டின் பெயரைப் போட்டு "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று காட்டும் இடங்களுக்குப் போய்ப் பக்கத்துக் கடைக்காரரை விசாரித்தால், பழைய முதலாளியின் எண் கிடைத்துவிடும். முதல் வருடம் கடை எப்படி ஓடியது, பொருள் சரியான நேரத்துக்கு வந்ததா, விலகும்போது டெபாசிட் திரும்பியதா என்று அவரிடம் கேட்கலாம். கம்பெனியே அழைத்துப்போய்க் காட்டும் கடை நன்றாகத்தான் ஓடும்.

கம்பெனி வைத்திருக்கும் பெயர் அதற்குத்தான் சொந்தமா என்பதை மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உணவகங்களுக்கு 43ஆம் வகுப்பு. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு, யாரோ எதிர்ப்புத் தெரிவித்திருக்க, அந்தப் பெயரை விற்கிறார்களா என்பதும் அங்கே தெரியும். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு, ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனியின் பெயரிலேயே இருக்க வேண்டும். பெரிய பிராண்டுகளின் பெயரில் போலி இணையதளம் திறந்து ஃபிரான்சைஸ் கட்டணம் கறப்பது பழகிப்போன மோசடி.

கடைசியாக ஒப்பந்த வரைவு. முழு வரைவையும் முன்கூட்டியே தரச் சொல்லி, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியவை விலகும் விதிகள்: லாக்-இன் எத்தனை வருடம், கடையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா, தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்கு. திருநெல்வேலிக் கடைக்கு டெல்லியில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தால், சில லட்சத்துக்காக அங்கே போய்வர உங்களால் முடியாது. "டோக்கன் கட்டினால்தான் வரைவு தருவோம்" என்று சொல்லும் கம்பெனியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.