சூடேறாத சால்டரிங் அயர்ன்: பழுது எலிமெண்டிலா, பிட்டிலா?

பரவலாகப் புழங்கும் 230 வோல்ட், 25 வாட் சால்டரிங் அயர்னுக்குள் மைக்காவின் மேல் சுற்றிய மெல்லிய நிக்ரோம் கம்பி இருக்கிறது. இதுதான் எலிமெண்ட். அதன் நடுவே செருகிய செம்புத் தண்டு பிட். எலிமெண்டில் உண்டாகும் சூடு பிட்டின் நுனிவரை வந்து சேர்ந்தால்தான் ஈயம் உருகும். ஆகவே அயர்ன் துளியும் சூடாகவில்லை என்றால் மின்சாரம் எங்கோ அறுந்திருக்கிறது. மெதுவாகச் சூடானால் பெரும்பாலும் சூடு வழியில் தடைபடுகிறது.

பிளக்கைக் கழற்றி, அயர்ன் நன்றாக ஆறிய பிறகு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பிளக்கின் இரண்டு பின்களுக்கிடையே பார்க்க வேண்டும். வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி வாட்டால் வகுத்தால் இருக்க வேண்டிய அளவு கிடைக்கும். 25 வாட்டுக்கு அது ஏறக்குறைய 2,100 ஓம். நிக்ரோமின் தடை சூட்டில் அதிகம் மாறாததால், ஆறிய நிலையில் எடுக்கும் அளவையே நம்பலாம். செராமிக் எலிமெண்ட் உள்ள சால்டரிங் ஸ்டேஷன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் உடனே எலிமெண்டைப் பழிக்கக் கூடாது. கைப்பிடியைத் திறந்து, எலிமெண்டின் இரு முனைகளிலும் நேராக அளக்க வேண்டும். அங்கே 2,100 ஓம் வந்தால் எலிமெண்ட் நலம்; அறுந்தது ஒயர். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்தே அது அறுகிறது. அங்கேயும் அளவு வராவிட்டால் அதே வோல்ட், அதே வாட் எலிமெண்டை வாங்கி மாற்றலாம். கைப்பிடிக்குள் இணைப்பைத் திருகுக் கனெக்டரால்தான் போட வேண்டும்; ஈயப் பற்று அந்தச் சூட்டில் இளகிவிடக்கூடும்.

இன்னொரு சோதனையை ஒருபோதும் விடக் கூடாது. ஒவ்வொரு பின்னுக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே, மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் பார்க்க வேண்டும். எர்த் பின் உள்ள பிளக்கில் அதை மட்டும் விட்டுவிடலாம். அது குழாயோடு சேர்ந்தே இருக்கும். மற்றப் பின்களில் ஏதாவது அளவு காட்டினால் மின்சாரம் குழாய்க்குக் கசிகிறது என்று பொருள். அந்த அயர்னைச் செருகினால் உயிருக்கே ஆபத்து.

பத்து நிமிடம் ஆகியும் ஈயம் உருகாத ஓர் அயர்னில், மீட்டர் சரியாக 2,100 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருகைத் தளர்த்திப் பிட்டை இழுத்தால் எளிதில் வராது. சுழற்றிச் சுழற்றி எடுத்தால் தண்டெங்கும் கருப்புச் செதில் உதிரும். செம்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து உண்டான இந்த ஆக்சைடுதான் சூட்டைத் தடுக்கிறது. தண்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, குழாயைக் கவிழ்த்துத் தட்டித் தூளை உதிர்த்து, அடிவரை செருகித் திருகை இறுக்க வேண்டும்.

நுனி கருத்திருந்தால் சூடு வந்தும் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும். வெறும் செம்பு நுனியை அரத்தால் சீவி, சூடேறும்போதே ஃப்ளக்ஸில் தொட்டு ஈயம் பூச வேண்டும்; பூச்சு வெள்ளியாக மின்னும். இரும்பு முலாம் பூசிய பிட்டில் அரம் படவே கூடாது. முலாம் போனால் உள்ளிருக்கும் செம்பை உருகிய ஈயம் கரைத்துக் குழியாக்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தமாக இருந்தால் வீட்டு வோல்டேஜை அளந்து பார்க்கலாம். 180 வோல்ட்டில் 25 வாட் அயர்ன் 15 வாட் அளவுக்கே வேலை செய்யும்.